வலப்பக்கத்து ஈறு

துண்டில் ரத்தக் கறை இருந்தது. பெரிய கறை இல்லை, வாயைத் துடைத்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தீற்றல். அப்பாவின் கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த அந்தத் துண்டைக் கையில் எடுத்ததுமே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

அப்பாவைப் பார்த்துக்கொள்கிற அம்மாளுக்கு அந்த முதியோர் இல்லத்தில் எல்லோரும் வைத்திருந்த பெயர் சரவெடி. வாயைத் திறந்தால் நிற்காது. அவள் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பல்லு தேய்க்கும்போது வந்திருக்கும்க்கா. ரத்தம் நீர்த்துப்போற மாத்திரை சாப்பிடறாரு இல்ல, கொஞ்சம் கீறினாலும் கொட்டிடும்."

"எதுக்குக் கீறுது? அதான் நான் கேக்கறேன்."

"எனக்கென்னக்கா தெரியும், நான் பூ மாதிரிதான் தேய்க்கறேன்."

பூவாம் பூ! நான் டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்க்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பிரேக் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டே பிழைப்பு நடத்துகிறேன். 'நான் மெதுவாத்தான் போறேன்' என்று சொல்கிறவர்களை எல்லாம் நம்பியிருந்தால் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன். அப்பாவின் மோவாயைப் பிடித்து, "ஆ காட்டுப்பா" என்றேன். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கொஞ்சிக் கெஞ்சி உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல் வரிசையில், வலப்பக்கக் கோரைப்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் மேலே ஈறு செக்கச்செவேல் என்று தோல் உரிந்து கிடந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததில் வலது கையும் பேச்சும் போயின. கால் கொஞ்சம் ஒத்துழைத்தது, ஆனாலும் சக்கர நாற்காலி இல்லாமல் முடியாது. நினைவு பழுதில்லை. எல்லாம் புரியும், சொல்லத்தான் வராது. ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தை வந்தால் பெரிய விஷயம். அதற்கு முன்னால் அவர் தரை மெருகேற்றுகிற வேலை செய்தவர். கல்லை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்து, தரையில் முகம் பார்க்கலாம் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பல்லையும் அப்படித்தான் தேய்ப்பார். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும், "முள்ளு மாதிரி இருக்கணும், அதைக் குடு" என்று கடினமான பிரஷாகக் கேட்டு வாங்குவார்.

இல்லத்தில் சேர்த்தபோது, யாரோ ஒருத்தி அவர் வாயில் கையை விட்டுக் கரகரவென்று தேய்க்கப் போகிறாளே என்று பயந்துதான் நான் அந்த எலக்ட்ரிக் பிரஷை வாங்கிக் கொடுத்தேன். சின்ன வட்டத் தலை. தானே சுற்றும். பல்லின் மேல் வைத்துக்கொண்டால் போதும், தேய்க்கவே வேண்டாம். அதிகமாக அழுத்தினால் கழுத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். சரவெடி முதல் நாளே முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா இது, வண்டு மாதிரி ரீங்காரம் போடுது. இதெல்லாம் எதுக்கு? சாதா பிரஷே போதாதா?"

அந்தப் பேச்சு எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று நடந்தது. அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்யக் குனிந்தேன், குப்பென்று வந்தது. "சே! என்ன இது வாய் நாத்தம்! பல்லே தேய்ச்சு விடறதில்லையா நீங்க?" என்று அவர் தலைக்கு மேலே சரவெடியைப் பார்த்து ஒரு பிடி பிடித்தேன். "மாத்திரையில வாய் காஞ்சு போகுதுக்கா, அதனால வர வாடை" என்று அவள் சாக்குச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் மேல் எனக்கு ஒரு கண்.

இப்போது இந்த ரத்தம். நான் குளியலறைக்குப் போய் எலக்ட்ரிக் பிரஷை எடுத்துப் பார்த்தேன். தலையில் இருந்த நார்கள் ஒன்றுகூட மடங்கவில்லை, விரியவில்லை, கடையிலிருந்து வந்த மாதிரியே நிமிர்ந்து நின்றன. எத்தனை வாரமாகப் பயன்படுத்துகிற பிரஷ் இது! என் வீட்டில் என் பிரஷ் அதற்குள் துடைப்பமாகிவிடும். 'ஆகா, இதைத் தொடவே இல்லை இவள்' என்று முடிவு கட்டினேன்.

அதோடு விட்டேனா? பிரஷை முழுசாகச் சார்ஜ் ஏற்றி, அடியில் இருக்கிற பச்சைக் கோடுகள் அத்தனையும் எரிவதைப் பார்த்துவிட்டு, சார்ஜரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பயன்படுத்தாவிட்டால் அடுத்த வாரமும் கோடுகள் அப்படியே இருக்கும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கணக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் பாதிக் கோடுகள் அணைந்திருந்தன. பயன்படுத்தியிருக்கிறாள்! ஆனால் துண்டில் மறுபடியும் புதுக் கறை.

சந்தேகம் என்பது ஒரு வினோதமான சமாச்சாரம். ஒரு கதவு மூடினால் இன்னொன்றைத் தானே திறந்துகொள்ளும். 'ஓகோ, பயன்படுத்துகிறாள், ஆனால் முரட்டுத்தனமாக அழுத்துகிறாள்' என்று உடனே மாற்றிக்கொண்டேன். அழுத்தியிருந்தால் நார் விரிந்திருக்க வேண்டுமே என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் எப்போதும் தலைவலி வந்த மாதிரி இருக்கிற மனிதர்.

"அந்தம்மா மேல ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு மேடம்," என்றார். "எதிர்த்துப் பேசறாங்கன்னு. ஆனா கை வைச்சாங்கன்னு யாரும் சொன்னதில்ல. நீங்க சொல்றது பெரிய விஷயம். உறுதின்னா வேலையை விட்டு அனுப்பிடுவேன். வெளியில வேற எங்கயும் எடுக்க மாட்டாங்க, அதையும் யோசிச்சுக்கங்க."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? எங்கப்பா வாயில ரத்தம் வருது."

"ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்து சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை முடிவு பண்ணிடலாம்."

வாரத்தின் நடுவில் லீவு போட்டுவிட்டு அப்பாவைக் காரில் ஏற்றிப் பல் டாக்டரிடம் போனேன். சரவெடியைக் கூட்டிப் போகவில்லை. பிரஷை மட்டும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போனேன், சாட்சிப் பொருள் மாதிரி.

டாக்டர் என்னைவிடச் சின்னவள். அவசரப்படாத பெண். நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, அப்பாவின் உதட்டை விரலால் ஒதுக்கிக்கொண்டு, ஒரு கண்ணாடியை எனக்கும் தெரிகிற மாதிரி பிடித்தாள்.

"முதல்ல இந்த இடப்பக்கம் பாருங்க. ஈறு மேல ஏறிப் போயிருக்கு, பல்லு நீளமா தெரியுது இல்ல? இந்த மஞ்சளா இருக்கறது வேர். அதுக்கு மேல எனாமல் கிடையாது, அதான் குளிர்ந்த தண்ணி பட்டா கூசும். கழுத்துகிட்ட ஆப்பு வெட்டின மாதிரி ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. இது பல வருஷமா அழுத்தி அழுத்திக் குறுக்கால தேய்ச்சது. வலது கைக்காரங்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம்தான் இப்படி ஆகும். அந்தப் பக்கம் கைக்கு வாகா இருக்கும், வேகம் அங்க போய் விழும்."

"அது பழசு டாக்டர். அவர் அப்படித்தான் தேய்ப்பாரு. புதுசா வந்திருக்கறது வலப்பக்கம்."

"ஆமா, அதைத்தான் பார்க்கறேன்." அவள் வலப்பக்கத்தைத் திருப்பினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "இது சில வாரத்துக்குள்ள வந்த காயம். நேர்கோடா, குறுக்கால உரசியிருக்கு. யார் தேய்ச்சு விடறாங்க?"

"அங்க ஒரு அம்மா இருக்காங்க."

"எங்க நின்னு தேய்ப்பாங்க?"

"பின்னால நின்னு. தலையை வயித்தோட சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு."

"பின்னால நின்னா அவங்க கையும் இவர் கை மாதிரிதான் போகும். அப்ப வலது கைன்னா இடப்பக்கம் காயம் வரணும். இது வலப்பக்கம் வந்திருக்கு. இடது கைப் பழக்கம் இருக்கறவங்க யாரோ அழுத்தித் தேய்ச்ச மாதிரி இருக்கு. அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா பார்த்தா அப்படித்தான் தெரியுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரவெடி டீ டம்ளரைப் பிடிப்பது இடது கையில்! அப்பாவுக்குத் தலை வாரிவிடுவது இடது கையில்! போன மாதம் வருகைப் புத்தகத்தில் அவள் இடது கையால் எழுதியதைப் பார்த்து, 'இதுலயும் கோணலா' என்று நான் மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

"மாட்டினா!" என்றேன், சத்தமாக.

"இருங்க," என்றாள் டாக்டர். பையிலிருந்த பிரஷை எடுத்துத் தலையை விளக்குக்குக் கீழே திருப்பினாள். "இதை அழுத்திப் பிடிக்கவே இல்லையே. நார் எவ்வளவு நேரா இருக்கு பாருங்க. இதைப் பிடிக்கறவங்க நல்லாத்தான் பிடிக்கறாங்க. அதுவும் இந்த வட்டத் தலை இப்படி நீளக் கோடு போடாது. வேற ஏதோ கடினமான சாதா பிரஷ் பட்டிருக்கு."

"அப்ப ஒளிச்சு வெச்சிருக்கா! நான் வர்றப்ப இதைக் காட்டறது, மத்த நேரம் முள்ளு பிரஷால இழுக்கறது."

டாக்டர் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "அப்பா தானா தேய்ச்சுக்கறதுண்டா?"

"அவருக்குக் கை வராது டாக்டர்," என்றேன், வெட்டின மாதிரி.

நாற்காலியில் படுத்திருந்த அப்பா, "இ... இல்ல..." என்றார். "நா... நா..."

"நீ ஒண்ணும் பேசாதப்பா, நான் பார்த்துக்கறேன்," என்று அவர் தோளைத் தட்டினேன். பாவம், மிரட்டி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

கிளம்புவதற்கு முன்னால் டாக்டர் ஒரு பிளாஸ்டிக் பல்வரிசையை எடுத்துக் காட்டினாள். "எலக்ட்ரிக்தான் வேணும்னு இல்லங்க. கை சரியா வராதவங்களுக்கு அது சௌகரியம், அழுத்தினா சொல்லிக் குடுக்கும், அவ்வளவுதான். அதையும் முரட்டுத்தனமா இழுத்தா ஈறு போகத்தான் செய்யும். சாதா பிரஷா இருந்தா மெத்துனு இருக்கறது வாங்கணும். பல்லும் ஈறும் சேர்ற இடத்துல, பாதிச் சாய்வா, நார் ஈறு பக்கம் பார்க்கற மாதிரி வைக்கணும். அங்கயே லேசா அசைக்கணும், சின்னச் சின்னதா. பென்சில் பிடிக்கற மாதிரி விரல் நுனியில பிடிச்சாலே அழுத்தம் குறைஞ்சிடும். கைக்குள்ள முஷ்டியா பிடிச்சா போச்சு. அழுக்கு மெத்துனுதான் இருக்கும், எடுக்க பலமே வேண்டாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் காயம் ஆறிடும். ஆனா ஒரு தடவை விலகின ஈறு தானா திரும்ப வராது. ரொம்பப் போனா வேற இடத்துல இருந்து எடுத்து ஒட்டணும். இவர் சாப்பிடற மாத்திரைக்கு அதெல்லாம் லேசுல்ல. அதனால இதோட நிக்கணும்."

இதோடு நிறுத்தத்தானே நான் கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறேன்! திரும்பி வரும்போது காரில் அப்பா இடது கையை என் பக்கம் நீட்டி நீட்டி ஏதோ சொல்லப் பார்த்தார். கியர் மேல் கை படுகிறதே என்று அதை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போகவில்லை, முன்னாலேயே போய்விட்டேன். அறைக்குள் ஒளித்து வைத்திருக்கிற அந்த முள் பிரஷைத் தேடி எடுத்து, மேனேஜர் மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று திட்டம். மேனேஜர் அறையைத் தாண்டும்போது கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சரவெடி உள்ளே நின்றுகொண்டிருந்தாள். தலை குனிந்திருந்தது. அவளும் பேசாமல் நிற்பாள் என்பதை அன்றுதான் பார்த்தேன். நல்லா வாங்கட்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே 'வரட் வரட்' என்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்தான். சின்ன வயதில் தினமும் காலையில் அந்தச் சத்தத்தில்தான் நான் விழித்துக்கொள்வேன்.

கதவைத் தள்ளினேன்.

சக்கர நாற்காலி வாஷ்பேசினை ஒட்டி நின்றது. வலது கை மடியில் துவண்டு கிடந்தது. இடது கை முஷ்டியில் ஒரு பழைய பிரஷ். நார் நாலா பக்கமும் விரிந்து, தேய்ந்த துடைப்பம் மாதிரி இருந்தது. நாக்கைத் துருத்திக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தரைக்கு மெருகேற்றுகிற வேகத்தில் அவர் வலப்பக்கத்தை இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பேசினில் நுரை இளஞ்சிவப்பாக இருந்தது.

அந்தப் பிரஷை எனக்குத் தெரியும். வீட்டைக் காலி செய்தபோது ஷேவிங் பெட்டியோடு சேர்த்து அவர் பையில் நான் போட்டதுதான்.

அப்பாவுக்கும் ஒரு இடது கை இருக்கிறது. இத்தனை நாளாக அது என் புத்திக்கு எட்டவே இல்லை. ஊரில் இருக்கிற இடது கைக்காரர்களை எல்லாம் தேடினேன், காரில் என் பக்கம் நீண்ட கையை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அப்பா! என்னப்பா பண்றே?"

கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் அவருக்குக் கை நின்றது. பிரஷ் பேசினில் விழுந்தது. அவர் திருடன் மாதிரி முழித்தார். பிறகு, இடது உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கிட்டே போனேன். அவர் நாற்காலியோடு பின்னால் நகரப் பார்த்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாருப்பா இப்படித் தேய்க்கச் சொன்னா? அவளா? அவதான் சொன்னாளா?"

பாருங்கள், அந்த நேரத்திலும் என் வாயில் அதுதான் வந்தது.

அப்பா இல்லை என்று தலையாட்டினார். பொத்திய கையை எடுக்காமலே, விரலிடுக்கு வழியாக, நெடுநேரம் முயன்று ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவந்தார்.

"நா...த்தம்."

பிறகு கையை எடுத்து, ஒரு விரலால் என்னைக் காட்டினார்.

குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவர் தலைக்கு மேலே நான் பேசினேனே, அது அவள் காதுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நடுவில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். என் வாயை அப்படியே இழுத்து மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

யாரோ கதவருகே வந்து நின்றார்கள். சரவெடி. அழுத கண். பேசினையும் பிரஷையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அட கடவுளே! இதானா? ஞாயித்துக்கிழமை மட்டும் ஷேவிங் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு, 'வெளிய, வெளிய'ன்னு என்னைத் துரத்திட்டுக் கதவைச் சாத்திக்குவாருக்கா. மக வர்ற நாளு, தானே மூஞ்சி கழுவி அழகு பண்ணிக்கறாருன்னு நானும் விட்டுடுவேன். எனக்கெப்படித் தெரியும்?"

நான் எழுந்து நேரே மேனேஜரிடம் ஓடினேன். "சார், நான் சொன்னது அத்தனையும் தப்பு. அந்தம்மா கையில ஒரு குத்தமும் இல்ல. பிரஷ் நானே கொண்டாந்தது, பேச்சும் என்னோடது." அவருக்குப் பாதிதான் புரிந்தது. "அப்ப அந்தம்மா இருக்கட்டுமா?" என்றார். "இருக்கணும் சார்," என்றேன். அவருக்குத் தலைவலி கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது.

அறைக்குத் திரும்பி வந்து சரவெடியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் லேசில் விடுகிற ஆளா?

"கேமரா வெக்காம விட்டீங்களே, அந்த மட்டும் புண்ணியம்," என்றாள். "சார்ஜரை எடுத்துட்டுப் போனது நீங்கதானே? எலி தூக்கிட்டுப் போச்சுன்னு நான் கட்டிலுக்கடியில எல்லாம் தேடிட்டிருக்கேன். பேட்டரி தீர்ந்து போச்சு." நான் கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பழைய பிரஷைக் குப்பையில் போட்டோம். காயம் ஆறுகிற வரைக்கும் அந்த இடத்தைத் தொடவில்லை. பிறகு சரவெடி எலக்ட்ரிக் பிரஷை அப்பாவின் இடது கையிலேயே கொடுத்தாள், அவருக்குத் தானே தேய்த்துக்கொள்ளத்தான் ஆசை என்று தெரிந்ததால். பழக்கம் போகுமா? வாயில் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பாய்ந்து அவர் கையைப் பிடிக்கப் போனேன். "பிரேக் போடாதீங்கக்கா, அவரே ஓட்டட்டும்," என்றாள். அப்பா விளக்கைக் கண்ணாடியில் பார்த்தார். முஷ்டியைத் தளர்த்தினார். விளக்கு அணைந்தது. ஒரு பல்லில் வைத்து, நின்று, அடுத்த பல்லுக்கு மெல்ல நகர்த்தினார்.

ஈறு போன இடம் போனதுதான். டாக்டர் சொன்ன மாதிரி அது திரும்ப வரவில்லை. வலது கோரைப்பல் இப்போது கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது, குளிர்ந்த தண்ணீர் குடித்தால் அப்பா அந்தப் பக்கக் கன்னத்தைச் சுருக்குகிறார். ஒவ்வொரு தடவையும் நான் அதைப் பார்க்கிறேன்.

இப்போதெல்லாம் நான் போனதும் முதலில் காலரைத் தொடுவதில்லை. அப்பா நான் குனிவதற்காகக் காத்திருப்பார். குனிந்ததும் என் முகத்துக்கு நேரே, "ஹா" என்று ஊதிவிட்டு, என்ன சொல்லப் போகிறாள் என்று கண்ணை எடுக்காமல் பார்ப்பார். சில நாள் பேஸ்ட் மணக்கும், சில நாள் மாத்திரை வாடைதான் அடிக்கும்.

"வாசனைப்பா," என்பேன் நான், இரண்டு நாளும்.